ஒன்பதரை மணி வகுப்பும் ஒரு மின்னஞ்சலும்

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட், டூட்டிங், குரோய்டன் என்று தமிழர்கள் சேர்ந்து வாழும் பகுதிகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் பல உண்டு. 1983-க்குப் பிறகு பெருமளவில் வந்து குடியேறிய இலங்கைத் தமிழர்கள் தொடங்கி வளர்த்தவை அவற்றில் பெரும்பாலானவை. பின்னால் வேலைக்காக வந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது அதே வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். சொந்தக் கட்டடம் உள்ள பள்ளிகள் அரிது. வார நாட்களில் ஆங்கிலப் பள்ளியாக இயங்கும் கட்டடத்தைச் சனிக்கிழமை அரை நாளுக்கு வாடகைக்கு எடுத்துத்தான் பெரும்பாலும் நடத்துகிறார்கள். காலையில் இரண்டு மணி நேரம் தமிழ், இடைவேளை, அதன்பின் பரதமோ வாய்ப்பாட்டோ மிருதங்கமோ என்பது பரவலாகக் காணும் அமைப்பு.

இந்தப் பள்ளிகளின் ஒருங்கிணைப்பாளர்களுக்கு வரும் மின்னஞ்சல்களில் ஒரு வகை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும். வேலைக்குப் போகும் பெற்றோர், வகுப்பு நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கோரிக்கைதான். ஆனாலும் “குழுவில் பேசுகிறோம்” என்ற ஒரு வரிப் பதிலோடு அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. குழுவினருக்கு மனம் இல்லாமல் இல்லை. அவர்கள் எதைச் செய்தால் அந்தக் குடும்பத்தின் சிக்கல் தீரும் என்பது மின்னஞ்சலில் இல்லை. எதைச் செய்ய அவர்களால் முடியும் என்பது எழுதியவருக்குத் தெரியாது. இந்த இரண்டையும் நிரப்பிவிட்டால் பதில் மாறும். எப்படி என்பதை ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்க்கலாம்.

ஒரு குடும்பம், ஒரு முதல் வரைவு

தாய் என்.எச்.எஸ். மருத்துவமனையில் செவிலியர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவருக்கு ‘லாங் டே’ விழும். காலை ஏழரைக்கு வார்டில் இருக்க வேண்டும், வெளியே வர இரவு எட்டு மணி ஆகும். தந்தைக்கு ஒரு கடையில் வேலை. சனிக்கிழமைதான் அங்கே வியாபாரம் அதிகம் என்பதால் ஒன்பதரைக்கு உள்ளே இருந்தே ஆக வேண்டும். தமிழ்ப் பள்ளியிலிருந்து கடைக்குக் காரில் இருபது நிமிடம். பள்ளிக் கதவு திறப்பது ஒன்பதே காலுக்கு, வகுப்பு தொடங்குவது ஒன்பதரைக்கு. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. தாய்க்கு வேலை உள்ள சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை. மாதத்தில் பாதி வகுப்பு போனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு உயிர்மெய் எழுத்து வரிசை கையில் நிற்காது. அடுத்த வாரம் வந்து உட்காரும்போது மற்றவர்கள் கொம்பு, கால் எல்லாம் போட்டுச் சொல் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இந்தத் தாய் இரவு வேலை முடிந்து வந்து, கைப்பேசியில் எழுதும் முதல் மின்னஞ்சல் அநேகமாக இப்படி இருக்கும்:

“வணக்கம். சனிக்கிழமை காலை வகுப்பு வேலைக்குப் போகும் பெற்றோருக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது. பலரும் இதையேதான் சொல்கிறார்கள். வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றினால் எல்லோருக்கும் வசதியாக இருக்கும். தயவுசெய்து ஆவன செய்யவும்.”

இதில் பொய் ஏதும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருங்கிணைப்பாளர் ஒன்றும் செய்ய முடியாது. பலர் என்றால் எத்தனை குடும்பம்? பிற்பகல் என்றால் ஒரு மணியா, மூன்று மணியா? இந்த ஆண்டே மாற வேண்டுமா, செப்டம்பரிலா? இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. பள்ளி இவர் கேட்டபடியே பிற்பகலுக்கு மாறிவிட்டால்கூட இவருடைய சிக்கல் தீராது. அவருக்கு வேலை முடிவதே இரவு எட்டு மணிக்கு. கணவரும் கடையில்தான் இருப்பார். காலையில் கொண்டுவந்து விட ஆளில்லாத பிள்ளைகளை மதியம் கொண்டுவந்து விடவும் ஆளிருக்காது.

ஆகவே எழுதுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, எந்த இடத்தில் இடிக்கிறது என்று நிமிடக் கணக்கில் எழுதிப் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு வகுப்பு நேரம் இடிக்கவில்லை. திரும்ப அழைத்துப் போவதும் இடிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு குடும்பம் தங்கள் பிள்ளைகளோடு இவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இடிப்பது ஒரே இடத்தில்தான். ஒன்பதே காலுக்குத் திறக்கும் கதவு எட்டே முக்காலுக்குத் திறந்தால் தந்தை பிள்ளைகளை விட்டுவிட்டு நேரத்தோடு கடைக்குப் போய்விடுவார். அரை மணி நேரம், கதவு மட்டும். பாடவேளை அப்படியே இருக்கலாம்.

வேலைக்குப் போகும் பெற்றோர் எல்லோரும் ஒரே வகை அல்ல

‘வேலைக்குப் போகும் பெற்றோர்’ என்று ஒரே பேரில் எழுதும்போது மூன்று வேறு வேறு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. கடை, உணவகம், பெட்ரோல் நிலையம் என்று எல்லாச் சனிக்கிழமையும் வேலை உள்ளவர்கள் ஒரு வகை. மருத்துவமனை, முதியோர் இல்லம், பேருந்து, ரயில் என்று ரோட்டாப்படி மாறி மாறிச் சனிக்கிழமை வருபவர்கள் இரண்டாம் வகை. திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம் போய்விட்டு, சனிக்கிழமையில் நீச்சல், கால்பந்து, டியூஷன், வாரச் சாமான் வாங்குவது என்று அத்தனையையும் அடுக்கி வைத்திருப்பவர்கள் மூன்றாம் வகை.

மூன்றாம் வகையினருக்கு ஒன்பதரையைப் பத்து மணியாக்கினாலே பெரிய ஆறுதல். முதல் வகையினருக்கு அந்த மாற்றத்தால் தீமைதான். இப்போது ஒன்பதே காலுக்கு விட்டுவிட்டுப் பத்து மணி வேலைக்குப் போகிறவர், கதவு ஒன்பதே முக்காலுக்குத் திறந்தால் மாட்டிக்கொள்வார். இரண்டாம் வகையினருக்கு நேரத்தை எங்கே நகர்த்தினாலும் ஏதோ ஒரு வாரம் தவறத்தான் செய்யும். அவர்களுக்கு வேண்டியது தவறிய வகுப்பைப் பிடித்துக்கொள்ள ஒரு வழி. அந்த வாரப் பாடத்தாளை வகுப்பாசிரியர் படமெடுத்து அனுப்புவதோ, வார நாளில் ஒரு மாலை அரை மணி நேரம் இணையத்தில் வாசித்துக் காட்டுவதோ அவர்களுக்கு உதவும். சிறு பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு ஓரளவுதான் கைகொடுக்கும். ‘ண’வுக்கு எத்தனை சுழி என்று வாயால் சொல்லிவிடலாம்; பிள்ளை பென்சிலை எங்கே தொடங்கி எங்கே கொண்டுபோகிறது என்பதை ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் திருத்த முடியும்.

எனவே மின்னஞ்சல் எழுதுபவர் தாம் எந்த வகை என்று முதலில் சொல்லிவிட வேண்டும். தம்மோடு சேர்த்துக்கொள்ளும் மற்றக் குடும்பங்களும் அதே வகையா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆறு குடும்பம் கையெழுத்துப் போட்டு, ஆறு பேரும் ஆறு வேறு நேரம் வேண்டும் என்பவர்களாக இருந்தால், குழுக் கூட்டத்தில் முதல் கேள்வியிலேயே கோரிக்கை கலைந்துவிடும்.

நேரத்தைப் பிடித்து வைத்திருப்பவை

இனி ஒருங்கிணைப்பாளர் பக்கம். வகுப்பு நேரம் அவர் விருப்பப்படி நகரும் ஒன்றல்ல. மூன்று கயிறுகள் அதை இழுத்துக் கட்டியிருக்கின்றன.

முதலாவது கட்டடம். ஆங்கிலப் பள்ளி நிர்வாகத்தோடு செய்துகொள்ளும் வாடகை ஒப்பந்தத்தில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று குறித்திருப்பார்கள். கட்டணம் மணிக்கணக்கில். கதவைத் திறந்து பூட்ட ஒரு கேர்டேக்கர் வர வேண்டும்; வார இறுதியில் அவருடைய ஊதியமும் கூடும், ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் கூடும். நமக்கு முன்னும் பின்னும் அதே கட்டடத்தை வேறு மொழிப் பள்ளியோ, கால்பந்துக் குழுவோ, ஞாயிறு என்றால் ஒரு திருச்சபையோ எடுத்திருக்கக்கூடும். ஒப்பந்தம் பெரும்பாலும் கல்வியாண்டுக்கு ஒருமுறை, செப்டம்பர் தொடங்கும் ஆண்டுக்குக் கோடை விடுமுறைக்கு முன்பே முடிவாகும். அதனால் அக்டோபரில் போய் நேரம் மாற்றக் கேட்டால் ஒருங்கிணைப்பாளருக்கு எவ்வளவு அனுதாபம் இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும். ஈஸ்டர் விடுமுறை முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ கேட்டால் அந்தப் பேச்சு நடக்கும்போதே கோரிக்கையும் மேசையில் இருக்கும்.

இரண்டாவது ஆசிரியர்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள், சில பள்ளிகளில் பயணச் செலவுக்கென ஒரு சிறு தொகை கிடைக்கும். அவர்களும் வார நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள்தான். பலருக்குத் தங்கள் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்கிறது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அவர்களுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. லண்டன் தமிழர்களின் பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமண வரவேற்பு, அரங்கேற்றம் எல்லாம் வார இறுதி மண்டபங்களில்தான் நடக்கும். பிற்பகல் வகுப்பு என்றால் அந்த நாட்களில் ஆசிரியரும் வரமாட்டார், மாணவர்களும் வரமாட்டார்கள். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் ஊர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கயிறு வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சட்டெனத் தெரியாது. அது உடன்பிறப்புகள். ஒரு வீட்டில் மூத்தவள் ஆறாம் நிலை, இளையவன் பாலர் வகுப்பு, இருவரும் தமிழ் முடித்து ஒருத்தி நடனத்துக்கும் ஒருவன் மிருதங்கத்துக்கும் போவார்கள். பாலர் வகுப்பை மட்டும் பதினொரு மணிக்கு மாற்றினால் அந்தப் பெற்றோர் ஒரே காலையில் இரண்டு முறை வர வேண்டும். ஆறாம் நிலை ஆசிரியையின் மகன் பாலர் வகுப்பில் இருந்தால் அவர் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். ஒரு வகுப்பைத் தொட்டால் நாலு வகுப்பு அசையும். ‘என் பிள்ளையின் வகுப்பை மட்டும் கொஞ்சம் தள்ளுங்களேன்’ என்ற சின்னக் கோரிக்கை குழுவுக்குப் பெரிய வேலையாக வந்து விழுவது இதனால்தான்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் நம் செவிலியர் குடும்பத்தின் கோரிக்கை எவ்வளவு எளிதானது என்பது விளங்கும். பாடவேளை மாறாததால் ஆசிரியர்களும் உடன்பிறப்புகளும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். அசைய வேண்டியது கட்டடக் கயிறு மட்டும், அதுவும் அரை மணி நேரத்துக்கு.

அரை மணி நேரத்தின் விலை

கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. உள்ளே வரும் பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஆள் வேண்டும். இங்கிலாந்தில் பிள்ளைகளை வாரந்தோறும் தனித்து நின்று பார்த்துக்கொள்பவர் தன்னார்வலராக இருந்தாலும் டி.பி.எஸ். எனப்படும் பின்னணிச் சோதனைக்கு உட்படுவது நடைமுறை. தன்னார்வலருக்கு இதற்கு அரசுக் கட்டணம் கிடையாது; விண்ணப்பத்தைச் சேர்ப்பிக்கும் இடை அமைப்பு சிறு தொகை கேட்கலாம். சான்று வரச் சில வாரங்கள் ஆகும். எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருப்பது நல்லது. ஒருவர் ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போனால் மற்றவர் அறையில் இருக்க வேண்டும். வந்த பிள்ளைகளின் பெயர், வந்த நேரம் எல்லாம் ஏட்டில் பதியப்பட வேண்டும். தீ எச்சரிக்கை மணி அடித்தால் வெளியே நிற்கும் தலைகளை எண்ணிச் சரிபார்க்க அந்த ஏடுதான் வேண்டும். பள்ளியின் காப்பீடு அந்த அரை மணி நேரத்தையும் உள்ளடக்குகிறதா என்று குழு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணக் கணக்கு சிறியது. கட்டட வாடகை மணிக்கு 45 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அரை மணிக்கு 22 பவுண்டு 50 பென்ஸ். இலையுதிர்காலத் தவணையில் 12 சனிக்கிழமை என்றால் 270 பவுண்டு. ஆறு குடும்பங்களின் 9 பிள்ளைகள் இதைப் பயன்படுத்தினால் பிள்ளைக்குத் தவணைக்கு 30 பவுண்டு, வாரத்துக்கு இரண்டரை பவுண்டு. வாடகை ஊருக்கு ஊர் மாறும். ஒருங்கிணைப்பாளரிடமோ பொருளாளரிடமோ உண்மையான தொகையைக் கேட்டு, இதே முறையில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கணக்கு மின்னஞ்சலில் இருந்தால் குழுவில் எழும் முதல் ஆட்சேபம், அதாவது ‘செலவை யார் தருவது’ என்பது, எழும் முன்பே விடை பெற்றுவிடும்.

வேலையிடத்திலும் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். 2024 ஏப்ரல் 6 முதல் பிரிட்டனில் ஊழியர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேரத்தை மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறை கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்கும் உரிமைதான் இது, கட்டாயம் கிடைக்கும் என்ற உறுதி அல்ல. வியாபாரக் காரணம் காட்டி மறுக்கவும் சட்டம் இடம் தருகிறது. கேட்டுப் பார்த்தோம், இவ்வளவுதான் கிடைத்தது என்று மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தால், மீதியை மட்டுமே பள்ளியிடம் கேட்கிறோம் என்பது குழுவுக்குத் தெரியும்.

திருத்தி எழுதிய மின்னஞ்சல்

மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தாய் மறுபடி எழுதுகிறார். பொருள் வரியிலேயே விஷயம் வந்துவிடுகிறது: ‘செப்டம்பர் முதல் காலை 8.45-க்குக் கதவு திறக்க வேண்டுகோள் – 6 குடும்பங்கள்’.

“அன்புள்ள ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகள் ஐந்தாம் நிலையிலும் மகன் இரண்டாம் நிலையிலும் படிக்கிறார்கள். நான் செவிலியர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எனக்குக் காலை ஏழரை மணி வேலை. கணவர் ஒன்பதரைக்குக் கடையில் இருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட வழியில்லாமல் வகுப்புத் தவறுகிறது. கணவர் வேலையிடத்தில் நேரம் மாற்றிக் கேட்டார். சனிக்கிழமைக்கு முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்களைப் போலக் காலையில் கொண்டுவந்து விட மட்டுமே சிரமப்படும் குடும்பங்கள் ஆறு இருக்கின்றன. பிள்ளைகள் ஒன்பது பேர். பெயர்களையும் வகுப்புகளையும் கீழே தந்திருக்கிறேன். வகுப்பு நேரத்தை மாற்றும்படி நாங்கள் கேட்கவில்லை. கதவை மட்டும் 9.15-க்குப் பதிலாக 8.45-க்குத் திறந்து, பிள்ளைகள் ஓர் அறையில் இருந்து வாசிக்க இடம் தர முடியுமா என்று கேட்கிறோம்.

எங்களில் மூன்று பெற்றோரும் ஒரு தாத்தாவும், வேலை இல்லாத சனிக்கிழமைகளில் இருவர் இருவராகப் பொறுப்பெடுத்துக்கொள்வோம். தவணைக்கு ஆளுக்கு ஆறு நாள் வரும். டி.பி.எஸ். சான்று செப்டம்பருக்குள் கிடைக்கும்படி இப்போதே விண்ணப்பிக்கத் தயாராக இருக்கிறோம். கூடுதல் அரை மணி வாடகையை ஆறு குடும்பமும் பகிர்ந்து கட்டுவோம். சரியான தொகையைச் சொன்னால் தவணைத் தொடக்கத்திலேயே தந்துவிடுகிறோம்.

ஒரு தவணைக்கு மட்டும் நடத்திப் பார்த்து, டிசம்பரில் குழு முடிவெடுத்தால் போதும். வாடகை ஒப்பந்தப் பேச்சு எப்போது என்று தெரிவித்தால் அதற்கு முன் நேரில் வந்து பேசவும் முடியும்.

இப்படிக்கு…”

முதல் வரைவைவிட இது நீளம். ஆனாலும் படித்து முடிக்க ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு நிமிடம் போதும். குழுக் கூட்டத்தில் அப்படியே வாசித்துவிடலாம். யாருக்கு, எத்தனை பேருக்கு, எந்த நேரம், எப்போதிலிருந்து, எவ்வளவு காலம், பொறுப்பு யாருடையது, செலவு யாருடையது என்று அத்தனைக்கும் விடை இருக்கிறது. ‘எல்லோருக்கும் வசதி’ என்ற சொல் போய்விட்டது. மாறாமல் இருப்பது எது என்று சொல்லியிருப்பதால், மற்றப் பெற்றோரிடம் இருந்து எதிர்ப்பு வருமோ என்ற கவலையும் குழுவுக்கு இல்லை.

இந்த நால்வரில் ஒருவரின் ரோட்டா திடீரென்று மாறிவிட்டால் என்ன செய்வது என்பது இந்தத் திட்டத்தின் பலவீனமான இடம். ரோட்டா சில வாரங்களுக்கு முன்பே வெளியாகிவிடும் என்றாலும் சக ஊழியர் நோய்வாய்ப்பட்டால் கடைசி நேரத்தில் அழைப்பு வரும். அதற்காக ஐந்தாவதாக ஒருவர் சான்றோடு தயாராக இருக்க வேண்டும். இருவர் இல்லாத நாளில் கதவு வழக்கம்போல ஒன்பதே காலுக்குத்தான் திறக்கும் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு ஒரு தந்தை பூட்டிய கதவின் முன் பிள்ளைகளோடு நிற்கக் கூடாது என்றால், முந்தின இரவு எட்டு மணிக்குள் ஆறு குடும்பத்துக்கும் தகவல் போக வேண்டும்.

வகுப்பையே மாற்ற வேண்டிய பள்ளிகள்

கதவைத் திறப்பதோடு முடியாத பள்ளிகளும் உண்டு. அங்கே பாடவேளையையே நகர்த்த வேண்டியிருக்கும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. நான்கு வாரம் தொடர்ந்து, பிள்ளை வந்த நேரத்தையும் பெயருக்கு எதிரே குறிக்கச் சொன்னால் படம் தெளிவாகிவிடும். தாமதமாக வருபவர்கள் ஒரே ஐந்தாறு பேர், அதுவும் சில வாரங்களில் மட்டும் என்றால் அது வேலை முறை தொடர்பானது. மேலே சொன்ன வழி போதும். எல்லா வகுப்பிலும் பாதிப் பேர் எல்லா வாரமும் பதினைந்து, இருபது நிமிடம் பிந்தி வருகிறார்கள் என்றால் தொடக்க நேரமே அந்தப் பகுதிக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். ஆசிரியர் முதல் இருபது நிமிடத்தை இருமுறை நடத்திக்கொண்டிருப்பார். இரண்டு மணி நேர வகுப்பில் அது பெரிய இழப்பு.

அப்போது பெற்றோரிடம் கேட்க வேண்டியிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் ‘எந்த நேரம் வசதி?’ என்று ஒரு வாக்கெடுப்பு வைப்பதுதான் வழக்கம். அதில் வரும் விடையை நம்பி இறங்கக் கூடாது. இப்போது எந்தச் சிரமமும் இல்லாதவர்கூட இன்னும் அரை மணி தூங்கலாம் என்று பத்து மணிக்கு வாக்களிப்பார். வேலையில் இருப்பவர் அந்தச் செய்தியை இரவுதான் பார்ப்பார். அதற்குள் வாக்கெடுப்பு முடிந்திருக்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘எந்த நேரத்தில் உங்கள் பிள்ளையைக் கொண்டுவந்து விடவோ அழைத்துப் போகவோ உங்களால் முடியவே முடியாது?’ வசதி, வசதியின்மை என்பதை மறந்து, முடியாத நேரங்களை மட்டும் ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, குடும்பத்துக்கு ஒரு விடை என்று சேகரித்தால் எந்த நேரம் மிகக் குறைவானவர்களை வெளியே தள்ளுகிறது என்று தெரியும். அந்த நேரத்தைத்தான் எடுக்க வேண்டும், அதிகம் பேர் விரும்பியதை அல்ல.

அதன்பிறகும் அரை மணி நகர்த்தினால் அடுத்தடுத்து என்னென்ன அசையும் என்று ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். தமிழ் பத்துக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிந்தால் நடன வகுப்பு ஒன்றேகாலுக்கு முடியும். ஒரு மணிக்கு உள்ளே வரும் அடுத்த வாடகைதாரரோடு மோதும். இடைவேளையைக் கால் மணியில் இருந்து ஐந்து நிமிடமாகக் குறைக்கலாம் என்று தோன்றும். சிற்றுண்டி சாப்பிட்டுக் கை கழுவி அறை மாறச் சிறு பிள்ளைகளுக்கு அது போதாது. நடன ஆசிரியை ஒன்றரைக்கு வேறு ஊரில் இன்னொரு வகுப்பு எடுப்பவராக இருந்தால் அவரிடம் முதலில் பேச வேண்டும். ஆண்டு இறுதித் தேர்வுக்குத் தயாராகும் மேல்நிலை மாணவர்கள் இருந்தால் ஆண்டின் நடுவில் மாற்றாமல் செப்டம்பரில் தொடங்குவது நல்லது.

பதில் எழுதும் ஒருங்கிணைப்பாளருக்கு

பதிலிலும் இதே தெளிவு வேண்டும். ‘பார்க்கிறோம்’ என்பது பெற்றோருக்கு மறுப்பாகத்தான் கேட்கும். குழு எந்தத் தேதியில் கூடுகிறது, கட்டட நிர்வாகத்திடம் என்ன கேட்கப்போகிறோம், எந்தத் தேதிக்குள் விடை சொல்வோம் என்று மூன்று வரி எழுதினால் அவர்கள் தங்கள் ரோட்டாவை அதற்கேற்பத் திட்டமிடலாம். முடியாது என்றால் எந்தக் கயிறு இழுக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். கேர்டேக்கர் ஒன்பது மணிக்கு முன் வரமாட்டார் என்று தெரிந்தால், எழுதியவர் அடுத்த முறை பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு பேசிக் காரைப் பகிரும் ஏற்பாட்டுக்குப் போவார். அதே கோரிக்கையை மறுபடி அனுப்பிக்கொண்டிருக்க மாட்டார்.

முடியும் என்றால், டிசம்பரில் எதை வைத்து முடிவெடுப்போம் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அந்த ஒன்பது பிள்ளைகள் இதற்கு முந்தைய தவணையில் எத்தனை வகுப்பு தவறினார்கள், இந்தத் தவணையில் எத்தனை? பொறுப்புக்கு இருவர் இல்லாமல் கதவு திறக்காமல் போன நாட்கள் எத்தனை? பகிர்ந்துகொண்ட வாடகை முழுதும் வந்து சேர்ந்ததா? மூன்றுக்கும் விடை பதிவேட்டிலும் கணக்குப் புத்தகத்திலும் இருக்கும். தவறிய வகுப்புகள் குறையவில்லை என்றால் காலை நேரம் உண்மையான தடை அல்ல என்று தெரிந்துவிடும். ஏற்பாட்டை நிறுத்திவிட்டு அந்தக் குடும்பங்களிடம் மறுபடி பேசலாம். குறைந்திருந்தால் ஜனவரித் தவணைக்கும் அதைத் தொடரலாம். அடுத்த மே மாதம் வாடகைப் பேச்சு வரும்போது 8.45 என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.